நானை நீக்குதலும் நம்மை மறைத்தலும்

பேரப்பிள்ளைகளுக்காகப் பழைய நினைவுகளை எழுதிவைக்க வேண்டும் என்று வீட்டில் உள்ளவர்கள் சென்ற ஆண்டு கேட்டுக்கொண்டனர். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி எழுதத் தொடங்கினேன். முதல் நிகழ்ச்சியை முடித்தவுடன், மாணவர் கட்டுரைகளைத் திருத்திய பழைய பழக்கத்தால், சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசித்தேன். அதில் 11 வாக்கியங்கள் இருந்தன. அந்த 11 வாக்கியங்களும் ‘நான்’ என்ற சொல்லிலேயே தொடங்கின. ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு இட்டபோது, பக்கத்தின் இடப்புறம் முழுவதும் ஒரே சொல் வேலிபோல நின்றது.

ஆசிரியப் பயிற்சியில் கட்டுரை கற்பித்தலைப் படித்து, பின்னர் பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்த கைக்கே இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். விடை தொலைவில் இல்லை. தொடக்கப் பள்ளியில் பிள்ளை எழுதும் முதல் வாக்கியங்களுள் ஒன்று, ‘நான் பள்ளிக்குச் செல்கிறேன்’ என்பது. எழுவாய், பயனிலை என்னும் இரண்டையும் காட்டுவதற்காக எழுவாயை எழுதியே தீரவேண்டும் என்று நாமே கற்பிக்கிறோம். அடுத்து ‘தன்வரலாறு கூறல்’ என்னும் கட்டுரை வருகிறது. ‘நான் ஓர் ஆறு’, ‘நான் ஓர் உடைந்த நாற்காலி’ என்று பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இவற்றோடு ஆங்கிலப் பாடமும் சேர்கிறது. ஆங்கிலத்தில் ‘வெண்ட்’ என்ற வினைச்சொல் நான் சென்றதற்கும் அவள் சென்றதற்கும் அவர்கள் சென்றதற்கும் ஒன்றே. ஆகவே அம்மொழியில் எழுவாயை விட்டுவிட்டால் சென்றவர் யார் என்பது தெரியாது. அந்த மொழிக்கு உரிய தேவையை நம் மொழிக்கும் உரியதாகக் கொண்டுவிட்டோம்.

தமிழின் அமைப்பு வேறு. ‘சென்றேன்’ என்ற ஒரு சொல்லே ஒரு முழு வாக்கியம். அதன் இறுதியில் உள்ள ‘ஏன்’ என்னும் விகுதி, செயலைச் செய்தவர் பேசுபவரே என்பதைக் கூறிவிடுகிறது. இதனைத் தன்மை ஒருமை விகுதி என்று நம் சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலில் வகுத்துக் காட்டியிருக்கிறார். எழுவாய் வெளிப்படையாக வராமல் வினைமுற்றின் வழியே விளங்குவதைத் தோன்றா எழுவாய் என்று இலக்கண ஆசிரியர்கள் குறிப்பிடுவர். தோன்றா எழுவாய் என்பது இல்லாத எழுவாய் அன்று. தலையில் நிற்காமல் வாலில் நிற்கும் எழுவாய் என்று பிள்ளைகளுக்கு விளக்குவது வழக்கம். எனவே ‘நான்’ என்னும் சொல்லைத் தலையிலிருந்து எடுத்துவிடுவதால் பொருளில் எதுவும் குறையாது என்று நம்பித் திருத்தத் தொடங்கினேன். ஆனால் அந்தத் திருத்தத்தில் வேறொரு தவறு நேர்ந்தது. ‘நேர்ந்தது’ என்று சொல்வதுகூடச் சரியன்று. அந்தத் தவற்றைச் செய்தேன். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் எழுதிய பகுதி இது:

“நான் 1974ஆம் ஆண்டு நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். நான் ஒரு நாள் காலை பிள்ளைகளிடம் சுற்றுலாவுக்கான பணத்தை வாங்கினேன். நான் அதை மேசை இழுப்பறையில் வைத்தேன். நான் இடைவேளைக்குப் பின் எண்ணிப் பார்த்தேன். நான் 2 ரூபாய் குறைவதைக் கண்டேன். நான் முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமியைச் சந்தேகித்தேன். நான் அவளை விசாரித்தேன். நான் அவளைப் பிரம்பால் அடித்தேன். நான் மாலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். நான் அதற்குள் அந்த 2 ரூபாய் நோட்டைப் பார்த்தேன். நான் மிகவும் வருந்தினேன்.”

சிவப்புக் கோடுகளைக் கண்டு வெட்கப்பட்டு, அதை இவ்வாறு மாற்றி எழுதினேன்:

“1974ஆம் ஆண்டு நான்காம் வகுப்பில் சுற்றுலாவுக்கான பணம் வசூலிக்கப்பட்டது. அது மேசை இழுப்பறையில் வைக்கப்பட்டது. இடைவேளைக்குப் பின் எண்ணப்பட்டபோது 2 ரூபாய் குறைந்தது. முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமியின்மேல் சந்தேகம் எழுந்தது. விசாரணைக்குப் பின் பிரம்படி கொடுக்கப்பட்டது. மாலையில் அந்த நோட்டு வருகைப் பதிவேட்டினுள் காணப்பட்டது. பெரும் வருத்தம் ஏற்பட்டது.”

ஒரு ‘நான்’கூட இல்லை. அடக்கமான நடையாக அமைந்துவிட்டது என்று மகிழ்ந்து, வீட்டுக்கு வந்திருந்த தங்கையிடம் கொடுத்தேன். அவள் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அக்கா, அந்தக் குழந்தையை அடித்தது யார்?” என்று கேட்டாள்.

“நான்தான். வேறு யார்?”

“இதில் அப்படி இல்லையே. அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கிறது. பிரம்பு தானாக எழுந்து போய் அடித்துவிட்டு வந்தது போல எழுதியிருக்கிறீர்கள்.”

அவள் சொன்னது உண்மை. முதற்படியில் 11 முறை தலை காட்டியவள், இரண்டாம் படியில் ஒரு முறைகூடத் தலை காட்டவில்லை. பணம் வாங்கியவளும் இல்லை, சந்தேகித்தவளும் இல்லை, அடித்தவளும் இல்லை. வருந்தியவள்கூட இல்லை. வருத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்து ஏற்பட்டிருக்கிறது.

நம் ஆகமங்கள் கூறும் கஷாயங்கள் நான்கு என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். குரோதம், மானம், மாயை, லோபம் என்பன அவை. மானம் என்பது செருக்கு. மாயை என்பது உள்ளதை மறைக்கும் வஞ்சனை. ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘நான்’ என்று தொடங்கும்போது மானத்துக்கு இடம் கொடுக்கிறோமோ என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் நல்லதே. ஆயினும் மானத்திலிருந்து தப்பி ஓடும் அவசரத்தில் மாயையின் வாயிலில் போய் நுழைந்துவிடுகிறோம். ஒரு கஷாயத்தை விடுவதற்கு மற்றொரு கஷாயத்தைப் பற்றுவது அறமாகாது. என் இரண்டாம் படி அடக்கத்தின் உடையில் வந்த மாயை.

குற்றத்தைக் குருவினிடம் எடுத்துரைக்கும் ஆலோசனை என்னும் செயலுக்கு நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக இலக்கணம் வகுத்தனர் என்பதை இங்கு நினைக்க வேண்டும். சிவார்யர் அருளிய பகவதி ஆராதனை, ஆலோசனையில் நேரக்கூடிய 10 குற்றங்களை எண்ணிக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்று, மறைவு என்னும் பொருளுடைய சன்னம். ஒருவர் இன்ன பிழையைச் செய்தால் அவருக்கு என்ன பிராயச்சித்தம் என்று, தாம் செய்ததைப் பிறர் செய்ததுபோல் வைத்துக் கேட்டு, விடையைத் தெரிந்துகொண்டு போய்விடுவது அது. மற்றொன்று சப்தாகுலிதம். பலர் பேசிக்கொண்டிருக்கும் ஆரவாரத்தின் நடுவில், குருவின் காதில் விழாதபடி சொல்லிவிடுவது அது. இரண்டிலும் பிழை சொல்லப்பட்டுவிடுகிறது. சொன்னவர் மட்டும் அகப்படுவதில்லை. ‘பிரம்படி கொடுக்கப்பட்டது’ என்ற வாக்கியம் சன்னத்தின் எழுத்து வடிவம் என்று தங்கையின் கேள்விக்குப் பிறகே விளங்கிற்று.

எழுத்தில் இவ்வாறு மறையும் வழிகள் தமிழில் சிலவே. அவற்றைத் தெரிந்துகொண்டால் நம் எழுத்தில் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதலாவது செயப்பாட்டு வினை. ‘படு’ என்னும் துணைவினை வருமிடமெல்லாம் செய்தவர் யார் என்று கேட்க வேண்டும். ‘கோயில் 1000 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது’ என்பதில் தவறில்லை. அங்கே கட்டியவர் பெயர் பேச்சன்று. செய்தவர் எழுதுபவராகவே இருந்து, செய்தது பிறரைத் துன்புறுத்திய செயலாகவும் இருந்தால், அங்கே ‘படு’ ஒளிந்துகொள்ளும் இடமாகிறது.

இரண்டாவது, செயல் தானாக நிகழ்ந்ததுபோல் காட்டும் வினைகள். ‘தவறு நேர்ந்துவிட்டது’, ‘கை ஓங்கிவிட்டது’, ‘வார்த்தை தடித்துவிட்டது’ என்பன அவை. ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பதும் இவ்வகையே. கோபம் வெளியிலிருந்து வரும் விருந்தாளியன்று. அது நம் ஜீவனின் பரிணாமம் என்றுதான் நம் சாத்திரம் கூறுகிறது. பேச்சில் அவ்வாறு சொல்வது வழக்கம்தான். ஆயினும் அக்கோபத்தால் பிறர் அடிபட்ட இடத்தை எழுதும்போது ‘கோபங்கொண்டு அடித்தேன்’ என்பதே நேர்மையான வாக்கியம்.

மூன்றாவது, தன்மைப் பன்மை. ‘அக்காலத்தில் நாங்கள் பிள்ளைகளை அடித்துத்தான் வளர்த்தோம்’ என்று எழுதினால், என் ஒருத்தியின் பிரம்பு ஊரிலுள்ள ஆசிரியர் அனைவருடைய கையிலும் பங்கிடப்பட்டுவிடுகிறது. ‘நாம் அனைவரும் தவறு செய்பவர்களே’ என்று எழுதினால் படிப்பவரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறோம். அவர் அந்தச் சிறுமியைக் கண்டதேயில்லை.

நான்காவது, வேற்றுமை மாற்றம். இது மறைதல் அன்று; பழைய பழக்கமே வேறு உடையில் வருதல். ‘நான்’ வேண்டாம் என்று நீக்கிவிட்டு, ‘எனக்குத் தோன்றியது’, ‘என்னால் பொறுக்க முடியவில்லை’, ‘என் மனம் வருந்தியது’, ‘என்னை அது வாட்டியது’ என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் தொடங்குவது அது. எனவே கோடு இடும்போது ‘நான்’ என்பதோடு என், என்னை, எனக்கு, என்னால், என்னுடைய என்பவற்றின் கீழும் இட வேண்டும்.

இனி, சரியான வழியைப் பார்ப்போம். கோடு இட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு, இந்த வாக்கியம் எதைப் பற்றியது என்று கேட்க வேண்டும். கண்டேன், பார்த்தேன், உணர்ந்தேன், அறிந்தேன் என்னும் வினைகளில் முடியும் வாக்கியங்கள் பெரும்பாலும் நம்மைப் பற்றியன அல்ல. ‘நான் 2 ரூபாய் குறைவதைக் கண்டேன்’ என்பதில் செய்தி 2 ரூபாய் குறைந்தது என்பதே. கண்டவர் யார் என்பது முன் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. இங்கே ‘நான்’, ‘கண்டேன்’ இரண்டையும் எடுத்துவிட்டு, கண்ட பொருளையே வாக்கியமாக்கலாம். பொருள் முன்னே வரும்போது படிப்பவர் நம் முகத்தைப் பார்ப்பதை விட்டு, நாம் பார்த்ததைப் பார்க்கிறார்.

வாங்கினேன், வைத்தேன், கேட்டேன், அடித்தேன் என்பன போன்ற செயல்கள் நம்முடையன. இங்கே தலையிலுள்ள ‘நான்’ போகலாம். வாலிலுள்ள ‘ஏன்’ போகக்கூடாது. வாக்கியத்தின் முன்னிடத்தில் காலத்தையோ இடத்தையோ செயப்படுபொருளையோ வைத்தால் போதும். ‘நான் அதை இழுப்பறையில் வைத்தேன்’ என்பது ‘இழுப்பறையில் வைத்தேன்’ என்று நின்றால் ஒரு குறையும் இல்லை.

ஒரு வாக்கியத்தின் செய்தியே ‘செய்தவர் யார்’ என்பதாக இருக்கும் இடமும் உண்டு. அங்கே ‘நான்’ வந்தே தீரவேண்டும். ஆனால் அது தலையில் வரவேண்டியதில்லை. தமிழில் வாக்கியத்தின் இறுதியிலோ, வினைக்குச் சற்று முன்னரோ நிற்கும் சொல்லுக்கு அழுத்தம் கூடும். ‘நான் அங்கே வைத்தேன்’ என்பதைவிட, ‘அங்கே வைத்தவள் நானே’ என்பது கனமானது.

இந்த மூன்றையும் மனத்தில் கொண்டு மூன்றாம் முறை எழுதியது இது:

“1974ஆம் ஆண்டு ஒரு நாள், சுற்றுலாவுக்காக நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த பணத்தை வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்தேன். இடைவேளைக்குப் பின் எண்ணியபோது 2 ரூபாய் குறைந்தது. மேசைக்கு அருகில் முதல் வரிசையில் அமர்ந்திருந்தவள் ஒரு சிறுமி. அவளுடைய பாவாடை கிழிந்து, வேறு நிறத் துணியால் தைக்கப்பட்டிருந்தது. என் சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ‘நீதானே எடுத்தாய்?’ என்று கேட்டேன். ‘இல்லை டீச்சர்’ என்றாள். மறுபடியும் கேட்டதற்கும் அதையே சொன்னாள். வலக்கையை நீட்டச் சொல்லி மூன்று முறை பிரம்பால் அடித்தேன். மாலையில் வருகைப் பதிவேட்டை விரித்தபோது, அதன் தாள்களுக்கு இடையில் அந்த 2 ரூபாய் நோட்டு இருந்தது. அங்கே வைத்தவள் நானே. மறுநாள் வகுப்பில், ‘பணம் கிடைத்துவிட்டது’ என்று மட்டும் சொன்னேன். எங்கே கிடைத்தது என்பதை நான் சொல்லவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.”

இதில் எந்த வாக்கியமும் ‘நான்’ என்று தொடங்கவில்லை. ஆயினும் மூன்று இடங்களில் அச்சொல் இருக்கிறது. வைத்தேன், கேட்டேன், அடித்தேன், சொன்னேன் என்று நான்கு இடங்களில் ‘ஏன்’ விகுதி நிற்கிறது. பாவாடை ‘தைக்கப்பட்டிருந்தது’ என்னும் செயப்பாட்டு வினையை அப்படியே விட்டிருக்கிறேன். தைத்தவர் யார் என்பது அங்கே பேச்சன்று. தங்கையிடம் இதைக் கொடுத்தபோது அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சிறிது நேரம் பேசவும் இல்லை.

மூன்று படிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. இரண்டாம் படி மறைக்கிறது என்பதைத் தங்கை காட்டினாள். முதற்படியும் மறைத்திருக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. 11 ‘நான்’கள் நின்ற அந்தப் பகுதியில் சிறுமி ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவளுடைய பாவாடை இல்லை. நீட்டிய கை இல்லை. சந்தேகத்துக்குக் காரணம் அவளுடைய ஏழைமைதான் என்னும் உண்மையும் இல்லை. முதல் வாக்கியத்திலிருந்து இறுதிவரை என் கண் என்மேலேயே இருந்தது. ‘மிகவும் வருந்தினேன்’ என்று முடித்ததும் அதனால்தான். என் வருத்தத்தோடு கதை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். உண்மையில் கதை மறுநாளும் நடந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறொரு சொல்லில் தொடங்க வேண்டியிருந்தபோது, வேறொன்றைப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்படிப் பார்த்தபோதுதான் அவள் தெரிந்தாள். மறுநாளும் நினைவுக்கு வந்தது. ‘நான்’ என்று மீண்டும் மீண்டும் சொல்வதால் நாம் வெளிப்பட்டுவிடுவோம் என்பது உறுதியன்று. அச்சொல்லின் பின்னாலும் ஒளிந்துகொள்ளலாம்.

கடைசி இரண்டு வாக்கியங்களில் ‘நான்’ ஏன் நிற்கிறது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். தமிழ் இலக்கணம் நம்மைக் கைவிடும் இடம் அது. ‘கேட்டேன்’ என்பதில் ‘ஏன்’ உண்டு. ‘கேட்கவில்லை’ என்பதில் அது இல்லை. நான் கேட்கவில்லை, அவள் கேட்கவில்லை, அவர்கள் கேட்கவில்லை என்று மூன்றிலும் வினைமுற்று ஒன்றே. பழைய வழக்கில் ‘கேட்டிலேன்’ என்று எதிர்மறையிலும் தன்மை விகுதி வந்தது. இக்கால உரைநடையில் அது வழங்குவதில்லை. எனவே ‘மன்னிப்புக் கேட்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் ஆள் மறைந்துவிடுகிறார். செய்த பிழைகளைச் சொல்லும்போது விகுதியே நம்மைக் காட்டிக்கொடுக்கும். செய்யாமல் விட்டவற்றைச் சொல்லும்போது ‘நான்’ என்ற சொல்லை நாமே எழுதியாக வேண்டும். என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கையில், செய்த பிழைகளைவிடச் செய்யத் தவறியவையே கனமாக இருப்பதால், இந்த இலக்கணக் குறிப்பு எனக்குப் பெரிதாகப் பட்டது.

வேண்டும், முடியும், தெரியும் என்னும் சொற்களும் ஆளைக் காட்டா. ‘அவள் எடுக்கவில்லை என்பது மாலையில் தெரியும்’ என்றால், யாருக்குத் தெரியும் என்ற கேள்வி நிற்கிறது. அங்கே ‘எனக்கு’ வேண்டும். அதுபோலவே ‘வந்தபோது’, ‘வந்ததும்’ என்னும் எச்சத் தொடர்களும். ‘வகுப்புக்குள் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்’ என்று எழுதினால், வந்தது ஆசிரியையா சிறுமியா என்று படிப்பவர் தடுமாறுவார். ‘வகுப்புக்குள் நான் வந்தபோது’ என்று எழுதிவிடுவதே முறை. ‘நான்’ கூடாது என்பது விரதமன்று. தேவையற்ற இடத்தில் நிற்பதே நீக்கத்தக்கது.

நிகழ்ச்சிகளை விட்டுக் கருத்துகளை எழுதும்போது வேறொரு கேள்வி எழுகிறது. ‘என்று நினைக்கிறேன்’, ‘என்பது என் கருத்து’ என்பவற்றை நீக்கினால் எழுத்து உறுதியாக ஒலிக்கும் என்று சிலர் சொல்வர். நம் நயவாதத்தை அறிந்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஒரு பொருளை ஒரு நோக்கிலிருந்து கூறுவது நயம். பிற நோக்குகளை மறுத்து, தன் நோக்கே முழு உண்மை என்று நிற்பது துர்நயம். ஒன்றையொன்று சாராத நயங்கள் பொய்யாகும் என்பதைச் சமந்தபத்திர சுவாமிகள் ஆப்தமீமாம்சையில் விளக்கியிருக்கிறார். பேசுபவர் எங்கே நின்று பேசுகிறார் என்பதை மறைத்துவிட்டால் நயம் எளிதில் துர்நயமாக மாறிவிடும். ‘விழாவில் சொற்பொழிவு யாருக்கும் புரியவில்லை’ என்று எழுதுவது அத்தகையது. ‘பின்வரிசையில் தூணுக்கு அருகில் அமர்ந்திருந்தேன், சொற்பொழிவில் பாதி காதில் விழவில்லை’ என்று எழுதினால், ‘நான்’ என்ற சொல் இல்லாமலே என் இடம் தெரிகிறது. முன்வரிசையில் இருந்தவர் வேறு சொல்லக்கூடும் என்பதற்கும் இடம் இருக்கிறது.

தம்மைக் காட்டுவது வேறு, தம்மை உயர்த்துவது வேறு என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நல்ல சான்று. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த நூல் அது. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் படித்த நூல்களை எல்லாம் அடுக்கியும் முதலியார் மதிக்கவில்லை என்பதையும், சீவக சிந்தாமணியை அதுவரை தாம் படித்ததில்லை என்பதையும் ஐயரவர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். திருத்தக்கதேவரின் காப்பியத்தில் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்ததையும் எழுதியிருக்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சாயிற்று. தம் அறியாமையை அவர் மறைத்திருந்தால், அந்தப் பதிப்புக்குத் துணைநின்ற நம் பெரியோர்களும் அந்நூலில் மறைந்துபோயிருப்பார்கள்.

தசலக்ஷண பர்வத்தின் நிறைவில் க்ஷமாவணி நாள் வருகிறது. அன்று உறவினர்க்கும் நண்பர்க்கும் மன்னிப்புக் கேட்டு எழுதுவது நம் சமயத்தாரின் வழக்கம். முன்பு கடிதத்தில் எழுதியதை இப்போது கைப்பேசியில் அனுப்புகிறார்கள். ‘அறிந்தோ அறியாமலோ ஏதேனும் பிழை நேர்ந்திருந்தால் பொறுத்தருள்க’ என்னும் ஒரே வாசகம் நூறு பேருக்குப் போகிறது. அந்த வாசகத்தில் ‘நான்’ இல்லை. ‘ஏன்’ விகுதியும் இல்லை. என்ன பிழை என்பதும் இல்லை. ‘நேர்ந்திருந்தால்’ என்பதால் பிழையே ஐயத்துக்கு உரியதாகிவிடுகிறது. பொதுவாக அனுப்புவதற்கு அது இருக்கட்டும். உண்மையில் நாம் புண்படுத்திய ஒருவர் இருந்தால், அவருக்கு மட்டும் ‘இன்ன நாளில் இதைச் செய்தேன், இதை நான் செய்யவில்லை’ என்று இரண்டு வாக்கியம் தனியே எழுதலாம்.

அந்தச் சிறுமி அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். பிறகு அவளைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. அதையும் திருத்திவிடுகிறேன். அவளை நான் தேடவில்லை.